சீட்டை எடுத்தது குழந்தை, பழி யாருக்கும் இல்லை

இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கல் டோர்னமென்ட். டென்னிஸ் பால், எட்டு ஓவர், நாக் அவுட். 11 அணிகள் பணம் கட்டியிருந்தன. காலை ஏழரை மணிக்குக் கமிட்டி மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதற்குள் மடித்த 11 சீட்டுகள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுக் கையை விடச் சொன்னார்கள். முதல் சீட்டு, முந்தைய வருட சாம்பியன். இரண்டாவது சீட்டு, முந்தைய வருடம் ஃபைனலில் அவர்களிடம் தோற்ற நாங்கள். முதல் மேட்சே இதுதான். எட்டு மணிக்கு டாஸ், ஒன்பதேகாலுக்கு நாங்கள் இரண்டு ரன்னில் தோற்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கேப்டன் திருப்பூரில் இருந்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். வருடத்தில் அவருக்குக் கிடைக்கிற ஒரே கிரிக்கெட் அது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 11 ஒற்றைப்படை. ஐந்து மேட்ச் நடக்கும், ஓர் அணிக்குப் பை. அதாவது, ஆடாமலே அடுத்த சுற்று. மிச்சம் ஆறு. மூன்று மேட்ச். மிச்சம் மூன்று. மறுபடியும் ஒற்றைப்படை, மறுபடியும் டப்பா, மறுபடியும் அந்தப் பையன். முதல் சுற்றில் பை வாங்கிய அதே அணிக்கே அரையிறுதியிலும் பை விழுந்தது. ஆக அவர்கள் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்து ஃபைனலில் நின்றார்கள். அந்த ஒன்றும் பத்து பேரோடு வந்திருந்த அணியிடம். ஃபைனல் எப்படி முடிந்தது என்று சொல்லத் தேவையில்லை. சூரியன் சாய்வதற்குள் பரிசளிப்பு முடிந்துவிட்டது. இரண்டாம் பரிசுக் கோப்பை அவர்கள் வண்டியில் ஏறியது.

கமிட்டி அண்ணனிடம் போய்க் கேட்டேன். "என்னண்ணே இது?"

"தம்பி, நாங்களா போட்டோம்? சீட்டுல வந்தது. அதுவும் சின்னப் பையனை விட்டுத்தானே எடுத்தோம். யாரும் எங்களைக் கை நீட்டிப் பேச முடியாதுல்ல?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். அவர் 'நியாயமாக நடந்தது' என்று சொல்லவில்லை. 'எங்களைக் கை நீட்டிப் பேச முடியாது' என்றார். நம் ஊர் மைதானங்களில் சீட்டுக் குலுக்கல் யாரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைக்காது. அது ஆடுகிறவர்களைக் காப்பாற்றுவதில்லை, நடத்துகிறவர்களைக் காப்பாற்றுகிறது.

தோற்றவனின் புலம்பல் என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், புலம்பல்தான். ஆனால் இதே புலம்பலை ஒருவர் 1883-லேயே கணக்காக மாற்றியிருக்கிறார். அவரை நீங்கள் வேறு பெயரில் படித்திருப்பீர்கள். 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன். லான் டென்னிஸ் போட்டிகளில் பரிசு கொடுக்கிற முறை தவறு என்று நிரூபிக்க ஒரு சிறு பிரசுரமே வெளியிட்டார். ஒரு போட்டியை வேடிக்கை பார்க்கப் போனபோது, சீக்கிரமே தோற்று வெளியேறிய ஓர் ஆட்டக்காரர், தன்னைவிட மட்டமான ஒருவர் இரண்டாம் பரிசை எடுத்துப் போவதைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தாராம். டாட்ஜ்சன் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார்.

கணக்கு எளிது. 32 பேர், வெறும் சீட்டுக் குலுக்கல். எப்போதும் திறமைசாலியே ஜெயிப்பார் என்று வைத்துக்கொள்வோம். அதிர்ஷ்டம், மழை, கால் சுளுக்கு எதுவும் இல்லை. முதல் பரிசு சந்தேகமில்லாமல் சரியான ஆளுக்குப் போகும். இரண்டாம் பரிசு? சார்ட்டில் சிறந்தவர் எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறார். மிச்சம் 31 இடங்கள். அவற்றில் 15 அவர் இருக்கும் அதே பாதியில், 16 எதிர்ப் பாதியில். இரண்டாவது சிறந்தவர் எதிர்ப் பாதியில் விழுந்தால்தான் ஃபைனல் வரை வர முடியும். ஆக வாய்ப்பு 16/31. எட்டு அணி என்றால் 4/7. எத்தனை பேர் சேர்ந்தாலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதாவது திறமையைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாத ஒரு கற்பனை உலகத்திலேயே, இரண்டாம் இடம் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டித்தான் தீர்மானமாகிறது. எட்டு அணிகளில் முதல் இரண்டும் முதல் மேட்சிலேயே முட்டிக்கொள்ள ஏழில் ஒரு வாய்ப்பு. எங்களுக்கு நடந்தது பெரிய துரதிர்ஷ்டம்கூட இல்லை. இன்னும் பத்து வருடம் டப்பாவில் கை விட்டால் யாருக்காவது மறுபடியும் நடக்கும்.

பை விஷயத்திலும் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. 1877-இல் நடந்த முதல் விம்பிள்டனில் 22 பேர். முதல் சுற்று முடிந்ததும் மிஞ்சியவர்கள் 11 பேர். எங்கள் ஊர் எண்ணேதான். 11 ஆறாகி, ஆறு மூன்றாகி, அரையிறுதியில் மூன்று பேர் முழித்துக்கொண்டு நின்றார்கள். வில்லியம் மார்ஷலுக்குப் பை. ஸ்பென்சர் கோர், ஹீத்கோட்டை ஆடி ஜெயித்து வர, மார்ஷல் ஆடாமலே ஃபைனலுக்கு வந்து கோரிடம் நேர் செட்களில் தோற்றார். ஆனால் அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. மார்ஷலுக்கும் ஹீத்கோட்டுக்கும் இரண்டாம் இடத்துக்கென்று தனியாக ஒரு மேட்ச் வைத்தார்கள். நம் ஆட்களுக்கு அந்த உறுத்தலும் இல்லை.

இந்தக் கோளாறுக்கு மருந்து, ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நாக் அவுட் ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் அணிகளின் எண்ணிக்கை 2, 4, 8, 16, 32 என்று இருக்க வேண்டும். அப்போதுதான் பாதி பாதியாகக் குறைந்து கடைசியில் இரண்டில் வந்து நிற்கும். 11 பேர் வந்தால் அடுத்த எண் 16. 16-இல் 11 போக ஐந்து. அந்த ஐந்து பையையும் முதல் சுற்றிலேயே கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும். ஆறு அணிகள் மூன்று மேட்ச் ஆடும். மூன்று ஜெயிப்பார்கள், ஐந்து பேர் காத்திருப்பார்கள், மொத்தம் எட்டு. அதற்கப்புறம் பை என்ற பேச்சே கிடையாது. யாருக்கும் இரண்டு பை விழாது. சாம்பியன் ஆக மூன்று அல்லது நான்கு வெற்றி கட்டாயம் வேண்டும். மேட்சுகளின் எண்ணிக்கைகூட மாறாது. ஒவ்வொரு மேட்சிலும் ஓர் அணி வெளியேறுகிறது, 10 அணி வெளியேற வேண்டும், ஆக எப்படிப் போட்டாலும் 10 மேட்ச். செலவும் இல்லை, நேரமும் இல்லை. விம்பிள்டன்காரர்கள் 1880-களிலேயே இந்த முறைக்கு மாறிவிட்டார்கள்.

கவனியுங்கள், இதுவரை நான் யார் பலசாலி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஐந்து பையை டப்பாவில் கை விட்டுக் கொடுத்தாலும் எங்கள் ஊர்க் கூத்தில் பாதி நின்றிருக்கும். இதைச் செய்யாமல் இருக்க எந்தக் கமிட்டிக்கும் எந்தச் சாக்கும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒற்றைப்படை வந்ததும் திடுக்கிட்டுப் போய் டப்பாவைத் தேடுவதற்குப் பெயர் அறியாமைகூட இல்லை, சோம்பேறித்தனம்.

மிச்சப் பாதிதான் சண்டைக்குரியது. அதுதான் சீடிங். பலமான அணிகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி, அவர்கள் ஒருவரையொருவர் தாமதமாகச் சந்திக்கும்படி சார்ட்டில் விதைப்பது. ஒன்றும் இரண்டும் எதிரெதிர்ப் பாதியில், அதனால் ஃபைனலுக்கு முன் சந்திக்க வழியில்லை. முதல் நான்கும் நான்கு கால்பகுதிகளில், அதனால் அரையிறுதிக்கு முன் சந்திக்க வழியில்லை. நிரல் எழுதுகிற எனக்கு இது ஆறு வரி:

```python
def chart(n):
    s = [1]
    while len(s) < n:
        m = 2 * len(s) + 1
        s = [x for a in s for x in (a, m - a)]
    return s
```

`chart(8)` என்றால் 1, 8, 4, 5, 2, 7, 3, 6 என்று வரும். இரண்டிரண்டாகப் பிரித்தால் முதல் சுற்று மேட்சுகள். ஒவ்வொரு ஜோடியையும் கூட்டிப் பாருங்கள், 9 வரும். 16-க்குப் போட்டால் 17 வரும். 11 அணிதான் இருக்கிறது என்றால் 12 முதல் 16 வரை ஆளில்லாத எண்கள். அந்த எண்களோடு ஜோடி சேர்ந்தவர்கள் யார்? 17-இல் கழித்தால் 5, 4, 3, 2, 1. பை தானாகவே முதல் ஐந்து அணிகளிடம் போய்ச் சேருகிறது. பைக்கென்று தனி விதியே வேண்டாம், இல்லாத அணியோடு ஆடி ஜெயித்ததுதான் பை.

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏற்கெனவே இருக்கிறவனுக்கே இன்னும் அள்ளிக் கொடுக்கிறதுதானே இது? சீட்டுக்கு முன்னாடி எல்லாரும் சமம். சோழர் காலத்துலயே குடவோலைதானே?"

முதல் பாதி நியாயமான கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவது பாதி நம் இணையத்தில் அடிக்கடி சுற்றுகிற அரைகுறை. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே சீட்டு கடைசிக் கட்டம். முதலில் ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதக் கல்வி வேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுகளும் கூடாது. இத்தனை சல்லடைக்குப் பிறகுதான் ஓலை குடத்துக்குள் போனது, ஒரு சிறுவன் கையை விட்டான். குடும்புக்கு ஓர் ஓலை என்பதே ஒருவகையில் சார்ட்டைக் கால்பகுதிகளாகப் பிரிப்பதுதான். அந்தச் சல்லடை பிராமண ஊரின் நிலக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது, அதைக் கொண்டாட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, சீட்டு மட்டும் போதும் என்று அவர்களே நினைக்கவில்லை என்பதை. சண்டை போட வேண்டிய இடம் குடம் இல்லை, குடத்துக்கு முன்னால் இருக்கிற சல்லடை.

சரி, இருக்கிறவனுக்கே கொடுப்பதா? ஆமாம், சீடிங் பலசாலிக்குச் சாதகம். அதை மறுத்தால் நான் பொய்யன். முதலிடத்து அணி முதல் மேட்சில் மோதுவது இருப்பதிலேயே பலவீனமான ஒன்றோடு. ஆனால் சீட்டில் அந்தச் சாதகம் ஒழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. சாம்பியன் இருக்கிற பாதியில் விழாத அணிகளுக்கு மொத்தமாகப் போய்ச் சேருகிறது. அவர்கள் அதற்காக எந்த மேட்சும் ஜெயித்திருக்கவில்லை. போன வருடம் ஆடிச் சம்பாதித்த சாதகம், டப்பாவில் விழுந்த சாதகம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சாதகமே இல்லாத நாக் அவுட் கிடையாது. வேண்டுமென்றால் எல்லோரும் எல்லோருடனும் ஆடுகிற லீக் வையுங்கள். 11 அணிக்கு 55 மேட்ச், பொங்கல் தாண்டிச் சிவராத்திரி வந்துவிடும்.

போன வருடம் என்னையே சார்ட் போடச் சொன்னார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். 12 அணிகள், நான்கு பை. கடந்த இரண்டு வருட முடிவுகளை எடுத்து, கடைசி வருடத்துக்கு எடை கூட்டி வரிசைப்படுத்துவது என்று விதி. விதியை எழுதி முடித்துப் பார்த்தால், இரண்டு பையில் ஃபைனல் வந்த அந்த அணி இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! நாங்கள் மூன்றாவது. மோசமான சார்ட் ஒரு வருடத்தோடு முடிவதில்லை, அடுத்த வருட வரிசைக்குள்ளும் விஷம் போல இறங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் கேப்டன், "நீதானே போடுற, மாத்திப் போடு" என்றார். மாற்றவில்லை. அவர்களைவிட நாங்கள் நல்ல அணி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் 'தெரியும்' உள்ளே நுழைந்த நிமிடம், அடுத்த வருடம் கமிட்டித் தலைவரின் மைத்துனர் அணிக்கும் ஒரு 'தெரியும்' வரும். வரிசையை உண்டாக்குகிற விதி பணம் கட்டுவதற்கு முன்னால் சுவரில் ஒட்டப்பட வேண்டும், ஒட்டிய பிறகு யாரும் தொடக் கூடாது.

இன்னொரு தப்பை நானே செய்திருந்தேன். சார்ட்டை ஒட்டிய அன்று எட்டாம் இடத்து அணியின் கேப்டன், பாலிடெக்னிக் படிக்கிற பையன், வந்து நின்றான். "அண்ணா, நாங்க ஒன்பதாவது டீமை ஜெயிச்சா அடுத்து சாம்பியன். 12-ஆவது டீம் அஞ்சாவதை ஜெயிச்சா அடுத்து நாலாவது டீம்தான். அப்போ போன வருஷம் எதுக்கு நாங்க கஷ்டப்பட்டு எட்டாவது வந்தோம்?" என்னிடம் பதில் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இது ஊரறிந்த விஷயம். அங்கே ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை இடத்தை அச்சடித்துவிடுவார்கள், 8, 9-ஆம் இடத்து அணிகளைவிட 10, 11, 12-ஆம் இடத்து அணிகள்தான் கடைசிப் பதினாறுக்குள் அதிகம் வருகின்றன. எண்ணுக்கு எண் துல்லியமாக விதைத்தால், நடுவில் இருப்பவன் தன் இடத்துக்கே தண்டனை வாங்குகிறான். ஆலன் ஷ்வெங்க் என்ற கணிதக்காரர் 2000-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தீர்வைத்தான் டென்னிஸ்காரர்கள் ஏறக்குறைய ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். 1, 2 மட்டும் நிலையான இடம். 3, 4 ஒரு தட்டு, அவர்களில் யார் எந்தப் பாதி என்பது சீட்டு. 5 முதல் 8 வரை அடுத்த தட்டு, அதற்குள் சீட்டு. மிச்சம் எல்லோருக்கும் சீட்டு. எட்டாவது வந்தவனும் ஐந்தாவது வந்தவனும் ஒரே தட்டு, சாம்பியனின் பக்கம் போவது யார் என்பதைக் குலுக்கல் சொல்லும். ஐந்துக்கும் எட்டுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கள் தரவில் வெறும் சத்தம்தான். எங்கே நமக்கு நிஜமாகவே தெரியாதோ, அங்கே சீட்டு. ஒட்டியதைத் தொடக் கூடாது என்று சொன்ன நானே, 12 கேப்டன்களையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தச் சார்ட்டைக் கிழித்துத் தட்டு முறையில் வேறு போட்டேன். வரிசையைத் தொடவில்லை.

சீட்டைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் சாட்சி. பெண்கள் இரட்டையர் பாட்மின்டன். முதலில் குழு ஆட்டம், பிறகு நாக் அவுட், குழுவில் எந்த இடம் வந்தால் சார்ட்டில் எந்த இடம் என்பது முன்பே நிலையானது. சீனாவின் முதல்நிலை ஜோடிக்கு, தங்கள் நாட்டின் இன்னொரு ஜோடியை ஃபைனலுக்கு முன் சந்திக்காமல் இருக்க வேண்டுமென்றால் குழுவின் கடைசி மேட்சில் தோற்றாக வேண்டும். எதிரே இருந்த கொரிய ஜோடிக்கும் ஜெயிக்க ஆசையில்லை. சர்வீஸை வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள், அரங்கம் ஊளையிட்டது. நான்கு ஜோடிகள், எட்டுப் பேர், தகுதிநீக்கம். அதற்குப் பிறகு கொண்டுவந்த மாற்றம், குழுவில் இரண்டாமிடம் வந்த ஜோடிகளை நாக் அவுட்டுக்கு முன் மறுபடியும் சீட்டுக் குலுக்கி இடம் போடுவது. எந்தப் பக்கம் விழுவோம் என்று முன்பே தெரியாதபோது தோற்பதில் லாபம் இல்லை. ஆட்டக்காரர்களைக் குரங்கென்று திட்டியவர்கள் அதிகம். சார்ட் போட்டவர்களைத் திட்டியவர்கள் குறைவு, எப்போதும் போல.

போன வருட முடிவையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நன்றாக இருக்காது. இரண்டாம் இடத்து அணி பை வாங்கி முதல் மேட்சிலேயே போனது. அவர்களைத் தோற்கடித்தது இரண்டாவது தட்டில் இருந்த ஓர் அணி. அதே அணி அரையிறுதியில் எங்களையும் தோற்கடித்தது, எங்கள் கேப்டன் கொஞ்ச நேரம் என்னிடம் பேசவில்லை. ஃபைனலில் சாம்பியனோடு கடைசி ஓவர் வரை இழுத்து, அங்கே தோற்றார்கள். இரண்டாம் பரிசு வாங்க அவர்கள் மூன்று மேட்ச் ஜெயித்திருந்தார்கள். சீடிங் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. கமிட்டி அண்ணன் மட்டும், "இந்தத் தடவ ஆளாளுக்கு வந்து கேள்வி கேக்குறானுங்கப்பா, சீட்டா இருந்தா ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான்" என்று அலுத்துக்கொண்டார்.

இந்த வருடம் இதுவரை 13 அணிகள். 16-இல் 13 போக மூன்று பை. ஒன்று சாம்பியனுக்கு, ஒன்று ஃபைனலில் தோற்ற அணிக்கு. மூன்றாவது பை, அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளில் ஒன்றுக்கு. அவர்களில் நாங்களும் உண்டு. இருவரும் ஒரே தட்டு, பிரிக்க எங்களிடம் தரவு இல்லை, அதனால் சீட்டு. டப்பா தயாராக இருக்கிறது. கையை விடப்போவது அதே பையன்தான், இப்போது ஐந்தாம் வகுப்பு. திருப்பூர் அண்ணனுக்கு இன்னும் டிக்கெட் கிடைக்கவில்லை. பை விழுந்தால் மத்தியான பஸ்ஸில் வந்தாலும் போதும் என்கிறார்.